வாடகை ஒப்பந்த வரைவோடு என்ன எழுதி அனுப்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் பத்திரம் டைப் செய்வது என் தொழில். வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் இருந்தேன். இப்போது வீட்டுக்காரர்கள் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, கூடவே நாலு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

"பத்திரத்துலயே எல்லாம் இருக்குதே, தனியா ஒரு மெசேஜ் எதுக்குங்க?"

பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "எங்கங்க கையெழுத்து?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் அடிக்கும் தமிழ் அப்படி. ஒரு வரி பாருங்கள்: "மேற்படி வாடகைதாரர் மேற்படி வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கும் காலத்தில், மேற்படி முன்பணத்தில் வாடகை பாக்கி, சேதாரம் வகையறா கழித்துக்கொண்டு மீதத் தொகையை உரிமையாளர் திருப்பித் தர வேண்டியது."

இந்த வரியில் சண்டை முழுவதும் "வகையறா" என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. எதெல்லாம் வகையறா, எவ்வளவு, எத்தனை நாளில் மீதம் வரும் என்பதைப் பணக் கணக்காகவும் தேதியாகவும் மாற்றிச் சொல்வதுதான் அந்த மெசேஜின் வேலை.

"ஒரு மாதிரி காட்டுங்களேன், பார்த்து எழுதிக்கிறேன்."

போன வருஷம் எழுதிக் கொடுத்தது ஒன்று. வீட்டுக்காரம்மா ஓசூரில் மகளோடு இருக்கிறார். வீடு இங்கே ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம், மாடிப் போர்ஷன். குடிவந்தது அரூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு நர்ஸும் அவர் அம்மாவும். வீட்டுக்காரம்மா நர்ஸுக்கு அனுப்பியதை, ஆள் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

"வணக்கம்மா. மாடி வீட்டுக்கான வாடகை ஒப்பந்த வரைவு இதோடு வைத்திருக்கிறேன், 4 பக்கம். இது முடிவானது இல்லை. நீங்கள் படித்து, மாற்ற வேண்டியதைச் சொன்ன பிறகுதான் முத்திரைத்தாளில் அடிப்போம். முக்கியமானதை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன், பக்கத்தில் பிரிவு எண் இருக்கிறது.

காலம் 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை, 11 மாதம் (பிரிவு 2). வாடகை மாதம் 9,000 ரூபாய், 5ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் (பிரிவு 3). அட்வான்ஸ் 27,000 ரூபாய், வட்டி கிடையாது. காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவேன் (பிரிவு 4). அதில் நான் பிடிக்கக்கூடியது நான்குதான்: வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, உடைந்த பொருளுக்கான செலவு, பெயின்ட் அடிக்க 4,500 ரூபாய் (பிரிவு 5). இடையில் காலி செய்வதானால் நீங்களோ நானோ 2 மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் (பிரிவு 6). கரண்ட்டுக்குத் தனி மீட்டர், பில் நீங்கள் கட்டுவது (பிரிவு 8). தண்ணீர் பற்றிப் பிரிவு 9இல் இருக்கிறது, அதை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

சுருக்கத்துக்கும் வரைவுக்கும் எங்காவது ஒத்துவராவிட்டால் உடனே சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்பே வரைவைத் திருத்திவிடலாம். மே 25ஆம் தேதிக்குள் பதில் வந்தால் போதும். கையெழுத்து மே 29 வியாழன். உங்கள் ஆதார் நகல், முதல் எட்டு எண்களை மறைத்தது, ஒன்று அனுப்புங்கள்."

மரியாதையான தொடக்கம், பிறகு நேராக விஷயம். வீட்டைப் பற்றிய பெருமையும், "ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்" என்ற அதட்டலும் இந்த மெசேஜுக்கு வேண்டாம். ஆதாரில் முதல் எட்டு எண்ணை மறைத்த நகலை ஆதார் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஆளை அடையாளம் காண அது போதும். முழு எண்ணையும் வாங்கி வீட்டுக்காரர் போனில் வைத்திருக்க அவசியம் இல்லை.

"மெசேஜ்ல ஒண்ணு இருக்கு, பத்திரத்துல வேற இருக்கு. எது செல்லும்?"

கையெழுத்துப் போட்ட பத்திரம். "வாட்ஸ்அப்பில் அப்படிச் சொன்னாரே" என்று பின்னால் காட்டிப் பத்திரத்தில் உள்ளதை மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பிரிவு எண் போடச் சொல்கிறேன்.

மேலே காட்டிய மெசேஜிலேயே இது நடந்தது, தப்பு என்னுடையது. நான் எடுத்தது பழைய ஃபைல். வேறொரு வீட்டுக்காக அடித்ததில் பெயர், தொகை எல்லாம் மாற்றினேன், பிரிவு 6இல் இருந்த "மூன்று மாத முன்னறிவிப்பு" அப்படியே நின்றுவிட்டது. மெசேஜை எழுதும்போது அந்தம்மா வாயால் சொன்ன இரண்டு மாதத்தைப் போட்டேன். நர்ஸ் பெண் பிரிவு எண்ணை வைத்துத் தேடிப் பார்த்து, "அண்ணா, இங்க மூணுன்னு இருக்கு" என்று ஃபோட்டோவில் வட்டம் போட்டு அனுப்பினார். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, இரண்டு மாதம் சொல்லிக் காலி செய்திருந்தால், ஒரு மாத வாடகை 9,000 ரூபாய் அட்வான்ஸில் போயிருக்கும். அந்தம்மா நல்லவர், பிடித்திருக்க மாட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் கணக்குப் பார்க்க மருமகன் இருக்கிறார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சொன்னதை நினைவில் வைத்து மெசேஜ் எழுதுவதில்லை. அச்செடுத்த வரைவைப் பக்கத்தில் வைத்து, பிரிவு பிரிவாகப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். வாயால் பேசியதும் வரைவும் பிரிகிற இடம் அப்போதே கண்ணில் படும்.

"மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் கேட்கவே கூடாதுன்னு சட்டம் இருக்காமே? எங்க வீட்டுக்காரர் அஞ்சு மாசம் கேட்கிறார்."

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று. நீங்களே ஐந்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பிறகு சட்டத்தைக் காட்டுவது பலவீனமான பேச்சு. பேரம் பேசுவதானால் வரைவு வந்த நாளில் பேசுங்கள். "மூணு மாசம் வைச்சுக்கலாமுங்க" என்று கேட்க அந்தச் சட்டம் நல்ல பிடி.

அதே சட்டம் அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தரச் சொல்கிறது. மெசேஜில் "விரைவில் தருவேன்", "அடுத்த ஆள் வந்ததும் தருவேன்" என்றெல்லாம் எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

"பிடித்தம்னா எப்படிக் கணக்குப் போடுவாங்க? ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

அந்த நர்ஸ் 2026 ஏப்ரல் 30 அன்று காலி செய்வதாக வைத்துக்கொள்வோம். வாடகை பாக்கி இல்லை. பெயின்ட்டுக்கு 4,500. கடைசி ரீடிங் வரை கரண்ட் 1,140. வாஷ்பேசின் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றிய பில் 1,350. மொத்தம் 6,990. 27,000இலிருந்து கழித்தால் 20,010 ரூபாய். சாவி கொடுத்தது ஏப்ரல் 30 என்றால் மே கடைசிக்குள் அது அவர் கைக்கு வர வேண்டும்.

இந்தக் கணக்கை மெசேஜில் எழுத வேண்டியதில்லை, எழுத முடிகிற மாதிரி பிரிவு இருக்க வேண்டும். "உடைந்த பொருளுக்கான செலவு" என்றால் பில் காட்டி. ஆணி அடித்த ஓட்டை, வெயிலில் வெளுத்த சுவர், தேய்ந்த தரை இதெல்லாம் குடித்தனம் இருந்தால் ஆகக்கூடியதுதான், சேதாரம் இல்லை. பெயின்ட்டுக்கு ஒரு தொகை பேசியாகிவிட்டது என்றால் சுவரைப் பற்றி வேறு பேச்சே வரக் கூடாது. எங்கள் பக்கம் பெங்களூரு வழக்கம் ஒட்டிக்கொண்டு, ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கே பிடிக்கிறார்கள். பேசினால் குறையும். இந்தம்மா பாதியாகக் குறைத்தார்.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கடைசி ரெண்டு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று வாடகையை நிறுத்திக்கொள்வது, பத்திரத்தில் எழுதாமல், வாடகை பாக்கியாகத்தான் நிற்கும்.

"பதினோரு மாசம்னா ரிஜிஸ்டர் பண்ணவே வேண்டாம்தானே?"

இங்கே இரண்டு ரிஜிஸ்டர் இருக்கிறது, எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம் என்ற பழக்கம் வந்தது. 2017 சட்டத்தில் வருவது வேறு: ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்குவது. அதற்குத் தனித் தளம் இருக்கிறது, tenancy.tn.gov.in. பதினோரு மாதம் என்பதால் அதிலிருந்து தப்ப முடியாது.

மெசேஜில் ஒரு வரி போதும்: "கையெழுத்தான பிறகு tenancy.tn.gov.in தளத்தில் நான் பதிவேன், செலவு என்னுடையது, பதிவு எண் வந்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன்." யார் பதிவது என்று எழுதாமல் விட்டால் இவர் அவரைப் பார்ப்பார், அவர் இவரைப் பார்ப்பார்.

தேதியையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஜூன் 1 முதல் மே 1 வரை என்று அடித்திருந்தால் பதினோரு மாதமும் ஒரு நாளும். மே 31 என்றால் பன்னிரண்டு. இரண்டும் என் கையால் நடந்திருக்கிறது.

"தண்ணிக்குத் தனியா ஒரு பிரிவா? 'தண்ணீர் வசதி உண்டு'ன்னு போட்டா போதாதா?"

வேறு ஊரில் போதுமோ என்னவோ, தர்மபுரி, கிருஷ்ணகிரியில் போதாது. இங்கே நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். கிராமத்தில் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள், அது போர் தண்ணீர் குடித்ததன் அடையாளம். காவிரித் தண்ணீரை ஒகேனக்கலிலிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. 2013இல் அது தொடங்கப்பட்டது.

அதனால் வீடு பார்க்க வருபவர் கேட்பது "தண்ணி வருமா?" என்று, அவர் மனதில் இருப்பது "எந்தத் தண்ணி?" என்பது. வீட்டுக்காரர் "இருபத்திநாலு மணி நேரமும் வரும்" என்பார், போர் தண்ணீரை நினைத்து. இவர் ஒகேனக்கல் தண்ணீரை நினைத்துத் தலையாட்டுவார். குடிவந்த வாரமே மனஸ்தாபம் ஆரம்பிக்கும்.

அந்த வீட்டின் பிரிவு 9ஐ நான் எழுதியது இப்படி: மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர், குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், கீழ்வாசலில் உள்ள குழாயில். அது தினமும் வராது. வருகிற நாளில் கீழ் வீடும் மாடி வீடும் முறை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாடி வீட்டுக்கு ஆறு குடமாவது உறுதி. மோட்டார் கரண்ட் கீழ் வீட்டு மீட்டரில் ஓடுகிறது, அதற்கு மாடி வீடு மாதம் 150 ரூபாய். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் பாதி பாதி.

மெசேஜில் இதைச் சுருக்காமல் "முழுசாகப் படியுங்கள்" என்று எழுதியதும் யோசித்துத்தான். சுருக்கினால் பொருள் மாறிவிடும் பிரிவு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அதை ஒரு வரியில் அடக்கப் பார்க்காமல், இடத்தைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வது நல்லது.

"கரண்ட் பில் பாதியில குடிவந்தா முதல் பில் யாருது?"

ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. குடிவருவது 1ஆம் தேதி, ரீடிங்காரர் வருவது 18ஆம் தேதி என்றால் முதல் பில்லில் பழைய ஆளின் யூனிட்டும் கலந்திருக்கும். சாவி வாங்குகிற நாளில் மீட்டரை இருவரும் பார்த்து ஃபோட்டோ எடுத்து, அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பில் வந்ததும் தொகையை யூனிட் கணக்கில் பிரித்தால் ஆயிற்று. இலவச யூனிட்டும் அப்படியே இருவருக்கும் பிரிந்துவிடும்.

"பெங்களூர்ல இருக்கிற தம்பி நல்ல இங்கிலீஷ் ஃபார்மேட் அனுப்பினான். அதையே வைச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் மூன்று சொல்லைத் தேடுங்கள்: கர்நாடகா, பெங்களூருப் பக்கம் கரண்ட் கொடுக்கும் பெஸ்காம், பெங்களூரு நீதிமன்றம். ஓசூரிலும் இங்கேயும் சுற்றுகிற பாதி ஃபார்மேட் எல்லை தாண்டி வந்ததுதான். கரண்ட் பில்லை பெஸ்காமுக்குக் கட்ட வேண்டும் என்று எழுதிய கிருஷ்ணகிரி வீட்டு ஒப்பந்தத்தை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, லேமினேஷனும் செய்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் பெயர் தவறாக இருந்தால் தகராறு வரும் நாளில் அது வேலைக்கு ஆகாது.

பத்திரம் இங்கிலீஷில் இருந்தால் மெசேஜ் தமிழில் இருப்பது இன்னும் முக்கியம். இங்கே தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகளும் நிறைய. அவர்களுக்கு எழுத்தை விட போனில் ஒரு தடவை பிரிவு பிரிவாகச் சொல்லிவிட்டு, பிறகு மெசேஜ் அனுப்புவது சரிப்பட்டு வருகிறது.

"வீட்டுக்காரர் நினைச்சப்ப வந்து கதவைத் தட்டறார். இதையும் முன்னாடியே எழுத முடியுமா?"

வீட்டைப் பார்க்க வர இருபத்திநாலு மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது 2017 சட்டத்திலேயே இருக்கிறது. வரைவில் அது இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர், கரண்ட்டை நிறுத்திக் காலி செய்ய வைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது.

"மெசேஜுக்கு 'சரி'ன்னு போட்டா கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடுமா?"

ஆகாது, ஆனால் அந்த "சரி" எதற்கு என்று பின்னால் கேள்வி வரும். வெறும் கட்டைவிரல் படம் அனுப்பாதீர்கள். "பிரிவு 1 முதல் 14 வரை படித்தேன். பிரிவு 6இல் மூன்று மாதத்தை இரண்டாக மாற்றிய பிறகு சம்மதம்" என்று எழுதுங்கள். திருத்திய வரைவு வரும்போது ஃபைல் பெயரில் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நான் varaivu-1.pdf, varaivu-2.pdf என்றுதான் வைப்பேன். கையெழுத்துக்கு உட்காரும்போது அச்சில் இருப்பது இரண்டாவதுதானா என்று பிரிவு 6ஐ மட்டும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்றைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, பேனாவால் திருத்திய இடத்தில் தனியாக இருவர் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சி. அசல் ஒருவரிடம், மற்றவரிடம் வண்ண நகலாவது இருக்க வேண்டும்.

"வாசல்ல ஒரு மாமரம் இருக்கு. அதைக்கூட எழுதணுமா?"

கிருஷ்ணகிரியில் இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். அந்தம்மா வீட்டில் செந்தூரா மரம் ஒன்று, கிளை மாடி வராண்டா வரை வரும். முதலில் வரைவில் இல்லை. நர்ஸின் அம்மாதான் வீடு பார்க்க வந்தபோதே, "காய் யாருக்குங்க?" என்று கேட்டாராம். பிரிவு 13 ஆகச் சேர்த்தோம்: மரம் வீட்டுக்காரருடையது, வராண்டாப் பக்கம் எட்டுகிற காய் மாடி வீட்டுக்கு, மீதிக்குச் சீசனில் அவர் ஆள் அனுப்பிப் பறித்துக்கொள்வார். ஊறுகாய்க்குப் பிஞ்சு பறிப்பது பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் எனக்கு ஒரு போன் வந்தது.